குடித்த இரவில் ஒன்றும் இல்லை, அடுத்த நாள் காலையில் வலிப்பு: ஏன்?

தர்ஷி_வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு 23 வயது. 17 வயதில் முதல் வலிப்பு வந்தது. இப்போது லெவெட்டிரசெட்டம் 500 மில்லிகிராம் குளிசை எடுக்கிறான், காலை எட்டு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. ஒரு வருடத்துக்கு மேலாக வலிப்பே இல்லாமல் இருந்தான்.

போன வெள்ளிக்கிழமை வேலை இடத்தில் ஒருவருக்குப் பிரியாவிடை. தம்பியும் குடித்திருக்கிறான். இரவு ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தான். தள்ளாடவில்லை, வடிவாகக் கதைத்தான், போய்ப் படுத்துவிட்டான். சனிக்கிழமை எட்டு மணிக்குக் கணக்கியல் வகுப்பு என்பதால் ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழும்பினான். ஏழு மணி போல தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் குசினி வாசலில் விழுந்து உடம்பு முழுவதும் வெட்டி இழுத்தது. இரண்டு நிமிடம் இருக்கும். அம்மா சாவிக் கொத்தைக் கையில் திணித்தா, கரண்டியால் வாயைத் திறக்கவும் பார்த்தா. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம், பின்னேரம் விட்டுவிட்டார்கள்.

எனக்கு விளங்காதது இதுதான். குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வெறி எல்லாம் தெளிந்து, எழும்பி, முகம் கழுவிய பிறகு ஏன் வந்தது? குளிசை வேலை செய்யவில்லை என்று அர்த்தமா? அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்கிறா அம்மா.

பாமசி_குமார்

தங்கச்சி, நான் பாமசியில் பல வருடமாக நிற்கிறேன். இது சாராயமும் குளிசையும் மோதுவதால் வருவது. இரண்டும் ஈரலில்தான் உடைகின்றன. ஈரல் சாராயத்தைக் கவனிக்கும்போது குளிசை குழம்பிவிடும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, குடித்தால் அன்று இரவு குளிசையைப் போடாதே, அடுத்த நாள் வழமைபோலத் தொடங்கு. இரண்டையும் சேர்த்தால் ஆபத்து.

தெகிவளை_சிவா

எங்கள் மாமாவுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல் குடிக்கிறவர். கால் முறிந்து வார்டில் படுத்திருந்தபோது குடிக்க வழியில்லை. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. அவருக்குக் காக்கை வலிப்பே கிடையாது, குடியை விட்டதால் வந்தது என்று டொக்டர் சொன்னார். அப்படியென்றால் உங்கள் தம்பிக்கும் வலிப்பு நோய் இல்லாமல் இருக்கலாம். குடியை நிறுத்தினால் குளிசையே தேவைப்படாது. யோசித்துப் பாருங்கள்.

மருதானை_ஜெயம்

வணக்கம் தர்ஷி. நான் டொக்டர் இல்லை. ஓய்வு பெறும்வரை ஈஈஜி எடுக்கும் அறையில் வேலை செய்தவன். தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவது என் வேலை. உங்கள் தம்பியைப் போன்ற பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். பதில் சொல்ல முதல் நாலு விடயம் தெரிய வேண்டும், தம்பியிடமே கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவுக் குளிசை எடுத்தாரா? என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணி வரை? எத்தனை மணிக்கு நித்திரை வந்தது? கோப்பை விழுந்ததே, அது கை தளர்ந்து நழுவியதா, அல்லது கை திடீரென்று ஒரு உதறு உதறி எறிந்ததுபோல விழுந்ததா? கடைசிக் கேள்வியை அவரிடம் நிதானமாகக் கேளுங்கள், அதில் நிறைய இருக்கிறது.

இதற்கிடையில் ஒன்று மட்டும். சிவா சொன்னதை வைத்து யாரும் குளிசையை நிறுத்த வேண்டாம். மாமாவுக்கு நடந்தது வேறு. ஒவ்வொரு நாளும் நிறையக் குடித்த ஒருவர் சடுதியாக நிறுத்தினால், கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு வலிப்பு நோய் இருக்க வேண்டியதில்லை. தர்ஷியின் தம்பிக்கு 17 வயதிலிருந்து நோய் இருக்கிறது. அவர் குளிசையைத் திடீரென நிறுத்தினால், விடாமல் தொடர்ந்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தர்ஷியின்_தம்பி

நான்தான் அந்தத் தம்பி. அக்கா என்னைக் கேட்காமல் போட்டுவிட்டா, பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

இரவுக் குளிசை எடுக்கவில்லை. மறக்கவில்லை, வேண்டுமென்றுதான் விட்டேன். குளிசை உறையில் மதுவுடன் எடுக்க வேண்டாம் என்று ஒட்டியிருந்தது. குமார் அண்ணை சொல்வதுபோலத்தான் நானும் நினைத்தேன். பார்ட்டி உள்ள நாட்களில் எப்போதும் இரவுக் குளிசையை விட்டுவிடுவேன்.

எட்டு மணிக்குத் தொடங்கினோம். சாராயம் கால் போத்தல் இருக்கும், பிறகு பெரிய கேனில் ஒரு ஸ்ட்ரோங் பியர். பன்னிரண்டரைக்கு நிறுத்திவிட்டேன். நித்திரை வரும்போது இரண்டரை ஆகியிருக்கும்.

கோப்பை நழுவவில்லை. கை தானாக உதறியது. தோள்பட்டையில் கரண்ட் அடித்ததுபோல இரண்டு மூன்று தரம் வந்தது. வெறி முறிகிற நடுக்கம் என்று நினைத்தேன்.

மருதானை_ஜெயம்

ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி தம்பி. இதே விபரத்தைக் கிளினிக்கிலும் சொன்னால் டொக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. அன்று காலை மூன்று விடயங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது சாராயம். மூளையில் அடக்கும் சைகை, தூண்டும் சைகை என்று இரண்டு பக்கம் எப்போதும் சமநிலையில் இருக்கும். மதுசாரம் அடக்கும் பக்கத்தைக் கூட்டி, தூண்டும் பக்கத்தைக் குறைக்கும். குடிக்கும்போது உடம்பு தளர்வதும் கதை சற்று இழுபடுவதும் அதனால்தான். அந்த நேரத்தில் வலிப்புக்கு எதிரான திசையில்தான் மூளை இருக்கிறது, ஆகவே பார்ட்டியில் ஒன்றும் நடக்காததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மூளை சும்மா இருக்காது. சில மணித்தியாலங்களுக்குள்ளேயே அடக்கும் பக்கத்தைக் குறைத்து, தூண்டும் பக்கத்தைக் கூட்டி, சமநிலைக்குத் திரும்பப் பார்க்கும். பிறகு மதுசாரம் இரத்தத்திலிருந்து போய்விடும். மூளை கூட்டி வைத்த தூண்டுதல் மட்டும் அப்படியே நிற்கும். ஒரு பக்கம் சாய்ந்த கதவைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கும்போது, மற்றப் பக்கம் தள்ளியவர் திடீரென்று விலகினால் என்ன நடக்குமோ, அதுதான்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். இங்கு விற்கும் சாராயம் கால் போத்தலில் ஏறத்தாழ 48 கிராம் மதுசாரம் இருக்கும். அரை லீட்டர் ஸ்ட்ரோங் பியரில் இன்னொரு 35 கிராம். மொத்தம் எண்பதுக்கு மேல். ஈரல் மணித்தியாலத்துக்கு எட்டு, பத்து கிராம் அளவில்தான் எரிக்கும். ஆளுக்கு ஆள் கூடிக் குறையும், ஆனால் தேத்தண்ணி குடித்தோ குளித்தோ அதைக் கெதிப்படுத்த முடியாது. இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது விடியற்காலை ஐந்து ஆறு மணி போலத்தான் உடம்பை விட்டுப் போகிறது. உங்களுக்கு வலிப்பு ஏழு மணிக்கு. அக்காவின் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. வெறி தெளிந்த பிறகும் வந்தது என்பதைவிட, தெளிந்ததால்தான் வந்தது என்பது சரி.

இரண்டாவது குளிசை. லெவெட்டிரசெட்டம் கெதியாக வெளியேறும் மருந்து. இளம் வயதில் ஏறக்குறைய ஏழு மணித்தியாலத்தில் இரத்தத்தில் உள்ளது பாதியாகிவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு இரண்டு தரம் தருகிறார்கள். வழமையான நாளில், காலைக் குளிசைக்கு முன் பார்த்தால், முதல் நாள் இரவு ஏறிய அளவில் மூன்றில் ஒரு பங்கு போல மிஞ்சியிருக்கும். நீங்கள் கடைசியாக எடுத்தது வெள்ளி காலை எட்டு மணிக்கு. சனி காலை ஏழு மணிக்கு 23 மணித்தியாலம் ஆகிவிட்டது. அப்போது மிஞ்சியது பத்தில் ஒரு பங்கு. ஆக, வழமையான காலைகளில் உள்ள காப்பின் மூன்றில் ஒரு பங்குதான் அன்றைக்கு உங்களிடம் இருந்தது. மூளை மிக அதிகமாகத் தூண்டப்பட்டிருந்த நேரமும், மருந்து மிகக் குறைந்திருந்த நேரமும் ஒன்று.

குளிசை வேலை செய்யவில்லை என்று அம்மா நினைக்கிறா. குளிசை வயிற்றுக்குள்ளேயே போகவில்லை. இதை டொக்டருக்குச் சொல்லாமல் விட்டால், அவர் அளவைக் கூட்டுவார், அல்லது இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். தேவையில்லாத மருந்தை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது நித்திரை. அதை இரவு வந்து எழுதுகிறேன், பேரப்பிள்ளையைக் கூட்டிவரப் போக வேண்டும்.

பாமசி_குமார்

ஜெயம் அண்ணை, மரியாதையோடு கேட்கிறேன். என்னிடம் பினோபாபிட்டோன் எடுக்கிற ஆட்கள் வருகிறார்கள், குளோபசாம் எடுக்கிறவர்களும் வருகிறார்கள். அதைப் போட்டுக் குடித்துவிட்டு மூச்சுத் திணறிப் போன ஒருவரை எனக்குத் தெரியும். அவர்களிடமும் குடித்தாலும் குளிசையைப் போடு என்று சொல்வீர்களா? உறையில் எச்சரிக்கை சும்மா ஒட்டவில்லை.

மருதானை_ஜெயம்

நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மை குமார். பினோபாபிட்டோன், குளோபசாம், குளோனசெபாம் மூன்றும் மதுசாரம் தொடும் அதே அடக்கும் பக்கத்தைத்தான் தொடுகின்றன. இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும், மூச்சு குறையும். அவற்றை எடுப்பவர் குடிக்கவே கூடாது. குடித்து மயங்கிக் கிடப்பவருக்கு வாயில் குளிசை திணிக்கச் சொல்ல மாட்டேன், அவரை வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆனால் அந்த எச்சரிக்கையின் பொருள், குளிசை எடுப்பவர் குடியைத் தவிர்க்க வேண்டும் என்பது. நம் ஆட்கள் தலைகீழாக வாசித்து, குடிக்கிற நாளில் குளிசையைத் தவிர்க்கிறார்கள். ஈரல் விடயத்திலும் எல்லா மருந்தும் ஒன்றல்ல. லெவெட்டிரசெட்டத்தில் பெரும்பகுதி சிறுநீரகத்தால் போகிறது, ஈரலில் சாராயத்தோடு இடம் பிடிக்கச் சண்டை போடுவதில்லை. பெனிற்றோயின் வேறு மாதிரி. தொடர்ந்து குடிப்பவருக்கு ஈரல் அதைக் கெதியாக உடைக்கப் பழகி, மருந்தின் அளவு இரத்தத்தில் குறைந்துபோகும்.

தம்பி அன்று ஒன்றரைக்கு வீடு வந்தபோது நிதானமாக இருந்திருக்கிறார். அந்த நேரம் எட்டு மணிக் குளிசையை எடுத்திருந்தால் ஐந்தரை மணித்தியாலத் தாமதம் மட்டும்தான். அடுத்ததை வழமைபோலக் காலையில் எடுத்திருக்கலாம். தவறியதற்காக இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. குடித்து வாந்தி எடுத்தால் விழுங்கிய குளிசையும் வெளியே போயிருக்கலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

கொட்டாஞ்சேனை_வாசுகி

நான் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை, அதனால் இதை எழுதுகிறேன். எனக்கு லமோற்றிஜின். ஒரு வேளையும் விட மாட்டேன். திருமணமான புதிதில் சிவராத்திரிக்கு கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலில் நாலு சாமமும் கண்விழித்தேன். குளிசையை நேரத்துக்கு எடுத்தேன், பாலும் பழமும் சாப்பிட்டேன். விடிய வீட்டுக்கு வந்து, சமைத்துவிட்டுப் படுப்போம் என்று நின்றபோது அடுப்படியில் விழுந்துவிட்டேன். கையில் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. மாமியார் சாமி குற்றம் என்று சொன்னா.

எல்லோரும் குடியைத் திட்டுகிறீர்கள். நித்திரை ஒன்றே போதும் ஆளை விழுத்த.

மருதானை_ஜெயம்

வாசுகியின் கதைதான் மூன்றாவது விடயத்துக்குச் சரியான சாட்சி. லமோற்றிஜின் பாதியாகக் குறைய ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், அவ வேளையும் தவறவில்லை. மருந்தில் குறை இல்லை, சாராயமும் இல்லை. நித்திரை மட்டும்தான்.

ஈஈஜி அறையில் நாங்கள் இதையே ஒரு கருவியாகப் பாவித்தோம். சிலருக்கு நன்றாக நித்திரை கொண்டுவிட்டு வந்தால் பதிவு சுத்தமாக இருக்கும், ஒன்றும் பிடிபடாது. அதே ஆளை முதல் நாள் இரவு பெரும்பகுதி கண்விழித்துவிட்டு வரச்சொல்லி எடுப்போம். கண் சொருகத் தொடங்கும்போதோ, அயர்ந்தவரை எழுப்பும்போதோ, கூர்மையான அலைகள் கூட்டமாக எழும்பும். மூளை அதேதான், ஒரு இரவு நித்திரை மட்டும் குறைந்திருக்கிறது. பகல் முழுவதும் விழித்திருக்க மூளையின் மேற்பகுதியில் தூண்டுதல் கூடிக்கொண்டே போகும், நித்திரை அதை இறக்கி வைக்கும். இறக்கி வைக்காமல் அடுத்த நாளைத் தொடங்கினால், வலிப்புக்குச் சாய்வுள்ள மூளைக்குச் சின்ன தட்டல் போதும்.

குடித்துவிட்டுப் படுப்பதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. பலருக்குப் படுத்தவுடன் நித்திரை வந்துவிடும், அதனால் நன்றாகத் தூங்கியதாகத் தோன்றும். மதுசாரம் குறையத் தொடங்கியதும் பிற்பாதி நித்திரை துண்டு துண்டாகிவிடும். கனவு காணும் நித்திரை முற்பாதியில் அமுக்கப்படும். அந்தக் கனவு நித்திரையின்போதுதான் வலிப்பு வருவது மிக அரிது, ஒரு வகையில் அது காப்பு. தம்பி, இரண்டரையிலிருந்து அலாரம் வரை இருந்த மூன்றரை மணித்தியாலமும் முழு நித்திரை என்று எடுக்காதீர்கள்.

அத்தோடு, அம்மாவுக்கு மெதுவாகச் சொல்லுங்கள். இரும்பு கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை, அது பெரும்பாலும் தானாகவே ஓரிரு நிமிடத்தில் நிற்கிறது. கரண்டியால் பல் உடையும், விரலும் கடிபடும். சுற்றியுள்ள கதிரை மேசையை விலக்கி, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, வெட்டி இழுப்பது நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துவிடுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்ப முதல் இன்னொன்று வந்தால், 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். வலிப்போடு கிடக்கும்போது குளிசை, தண்ணீர் எதுவும் வாயில் வேண்டாம்.

தர்ஷியின்_தம்பி

சரி. அப்படியென்றால் நேராகக் கேட்கிறேன். இரவுக் குளிசையை ஏழரைக்கே எடுத்து, ஒரு சின்னப் பியர் மட்டும் குடித்து, பதினொன்றுக்குப் படுத்து, அடுத்த நாள் அலாரம் இல்லாமல் எழும்பினால்? எங்கள் டீமில் குடிக்காத ஆள் நான் மட்டும் என்றால் ஆயிரம் கேள்வி வரும். வலிப்பு இருப்பது அங்கு யாருக்கும் தெரியாது.

கொட்டாஞ்சேனை_வாசுகி

தம்பி, ஒன்று என்று தொடங்குவது ஒன்றில் நிற்பதில்லை. விடுங்கள். சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்?

மருதானை_ஜெயம்

வாசுகி சொல்வது பாதுகாப்பான வழி. ஆனால் தம்பி நேர்மையாகக் கேட்கிறார், நேர்மையாகச் சொல்கிறேன். ஒன்றிரண்டு கிளாஸ் அளவோடு நிறுத்தியவர்களுக்கு வலிப்பு கூடவில்லை என்று 1983 இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. பல நரம்பியல் டொக்டர்கள் இன்றும் அந்த அளவில் கண்டிப்பாகத் தடை போடுவதில்லை. வலிப்பைக் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே இரவில் நிறையக் குடிப்பது.

ஆனால் அந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. எழும்பியவுடன் கை உதறும் வகை உங்களுக்கு இருந்தால், நித்திரைக் குறைவாலும் குடியாலும் மற்றவர்களைவிட நீங்கள் கூடுதலாகப் பாதிக்கப்படுவீர்கள். நிஜத்தில் குடியும் கண்விழிப்பும் சேர்ந்தே வருகின்றன, வீட்டுக்கு வர எப்படியும் ஒரு மணியாகிவிடும். நான் உங்கள் அப்பாவாக இருந்தால், என்ன வகை என்று தெளிவாகத் தெரியும்வரை ஒன்றும் வேண்டாம் என்பேன். இப்போதுதான் வலிப்பு வந்திருக்கிறது, மோட்டார் சைக்கிள் இருந்தால் அதையும் டொக்டர் சொல்லும்வரை தொடாதீர்கள், கடலில் இறங்கவும் வேண்டாம்.

இப்போது என் கேள்வி. அந்த உதறல் குடிக்காத நாட்களிலும் வந்திருக்கிறதா?

தர்ஷியின்_தம்பி

வந்திருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து படுத்து எழும்பினால் சில நாள் வரும். பல் துலக்கும்போது பிரஷ் பறந்திருக்கிறது, ஒருமுறை போன் கையிலிருந்து போய்க் கண்ணாடி வெடித்தது. நினைவு தெளிவாக இருக்கும், விழ மாட்டேன். அதை வலிப்பு என்று நான் எண்ணவில்லை. கிளினிக்கில் வலிப்பு வந்ததா என்று கேட்பார்கள், இல்லை என்பேன்.

மருதானை_ஜெயம்

அதுதான் கவனிக்க வேண்டிய இடம். அந்த உதறலும் ஒரு வகை வலிப்புத்தான், மிகக் குறுகியது. பதின்ம வயதில் தொடங்கி, எழும்பிய முதல் மணித்தியாலத்தில் கை தோள் உதறி, நித்திரை கெட்ட நாளிலும் குடித்த மறுநாளிலும் பெரிய வலிப்பாக முடியும் ஒரு வகை இருக்கிறது. இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு என்பார்கள். ஜெர்மன் நரம்பியலாளர் டீட்டர் யான்ஸ் 1957 இல் விரிவாக எழுதிய நோய். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்ல முடியாது, ஈஈஜியைப் பார்த்து டொக்டர் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லாமல் அவரால் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் இல்லை என்று அவர் எழுதி வைத்திருப்பார்.

காலையில் உதறும்போது அக்கா போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுக்கட்டும். அது பத்து நிமிட விளக்கத்தைவிட உதவும்.

பாமசி_குமார்

அண்ணை, என்ன வகை என்பதால் மருந்து மாறுமா? கார்பமசெபைன்தான் நான் அதிகம் கொடுப்பது, வலிப்பு என்றால் எல்லோருக்கும் அதுதான் வருகிறது.

மருதானை_ஜெயம்

மாறும். மூளையின் ஒரு இடத்தில் தொடங்கும் வலிப்புக்குக் கார்பமசெபைன் நல்ல மருந்து. இந்த உதறல் வகைக்கு அது உதறலைக் கூட்டிவிடலாம். குளிசையை ஒழுங்காக எடுத்தும் காலையில் பொருள்கள் கையிலிருந்து பறக்கிறது என்று உங்களிடம் வாங்க வரும் யாராவது சொன்னால், தொடர்ந்து எடுக்கச் சொல்லி, கிளினிக்குக்குச் சீக்கிரம் அனுப்புங்கள். வல்ப்ரோயேட் இந்த வகைக்கு மிக நன்றாக வேலை செய்யும், ஆனால் கருவில் உள்ள பிள்ளையைப் பாதிக்கும், அதனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். தம்பி எடுக்கும் லெவெட்டிரசெட்டம் இதற்குப் பொருந்தும் மருந்துதான். முதலில் ஒழுங்காக எடுத்துப் பார்த்தால், போதுமா இல்லையா என்பது தெரியும்.

ரிஸ்வான்_மாளிகாவத்தை

அஸ்ஸலாமு அலைக்கும். குடி எங்களுக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் நித்திரைப் பகுதியை வாசித்தபோது பதறிவிட்டேன். மகளுக்கு 16, அவளும் லெவெட்டிரசெட்டம். போன நோன்பில் முதல் கிழமையிலேயே ஒரு விடியற்காலை வலிப்பு வந்தது. குளிசையை சஹரிலும் நோன்பு திறக்கும்போதும் கொடுத்தோம், தவறவில்லை. பசியால் வந்தது என்று நினைத்தோம். தராவீஹ் முடிந்து பதினொன்று தாண்டிப் படுப்பாள், மூன்றரைக்கு எழுப்புவோம், சஹர் செய்துவிட்டு திரும்பவும் படுப்பாள், ஆறரைக்குப் பாடசாலைக்கு. மொத்தமாகப் பார்த்தால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருக்குமே?

மருதானை_ஜெயம்

வஅலைக்கும் ஸலாம். இரண்டு விடயம் தெரிகிறது. கொழும்பில் நோன்பு பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போகும். நீங்கள் நாலு மணிக்குச் சஹர் குளிசை கொடுத்தால், அடுத்தது ஆறரைக்கு, பதினாலரை மணித்தியால இடைவெளி. அது பின்னேரத்தில் மருந்து குறையும் பிரச்சினை. மகளுக்கு வந்தது விடியற்காலை, ஆகவே மருந்தைவிட நித்திரையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வெட்டிய நித்திரையில் இரண்டு தரம் எழுப்பப்படுகிறாள், விடியற்காலையில் வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு எழும்பும் நேரம்தான் பலவீனமான நேரம். இரண்டு துண்டையும் கூட்டினால் ஒரு முழு நித்திரைக்குச் சமமா என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. சில பிள்ளைகள் தாங்குகிறார்கள், சிலர் தாங்குவதில்லை. உங்கள் மகள் தாங்கவில்லை என்று ஒருமுறை காட்டிவிட்டாள். நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டொக்டரிடம் போங்கள், மெதுவாகக் கரையும் வகைக் குளிசை, நேர மாற்றம் எல்லாம் அப்போது பார்க்கலாம். நோயாளிக்கு நோன்பில் உள்ள சலுகையை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

ரிஸ்வான்_மாளிகாவத்தை

மௌலவி விடச் சொல்கிறார். மகள்தான் விட மாட்டேன் என்கிறாள், கூட்டாளிகள் எல்லோரும் பிடிக்கிறார்கள் என்று. டொக்டரிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

தெகிவளை_சிவா

ஜெயம் அண்ணை, மாமா திரும்பவும் குடிக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் வீட்டில் போத்தலை ஒளித்து நிறுத்தலாம் என்று இருந்தோம். நீங்கள் எழுதியதை வாசித்தபிறகு பயமாக இருக்கிறது.

மருதானை_ஜெயம்

ஒளிக்காதீர்கள் சிவா. ஏற்கெனவே ஒருமுறை வலிப்பு வந்தவருக்குத் திரும்பவும் வரும் வாய்ப்பு அதிகம். வைத்தியசாலையில் வைத்து, டயசெபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமின் விற்றமினும் ஏற்றி நிறுத்துவார்கள். அவர் சம்மதிக்கும் நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை வீட்டில் சடுதியாக நிறுத்த வேண்டாம்.

தர்ஷி_வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை கிளினிக். தவறவிட்ட குளிசை, குடித்த அளவு, படுத்து எழும்பிய நேரம், உதறல் வந்த நாட்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவிட்டோம். அளவைக் கூட்டச் சொல்லி நாங்களாகக் கேட்பதில்லை என்று அம்மாவும் ஒத்துக்கொண்டா.

எஞ்சியிருப்பது நைட் ஷிப்ட். தம்பியின் வேலை வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். குடியை விட்டாலும் இது தொடரும் அல்லவா?

மருதானை_ஜெயம்

தொடரும். எனக்கு இதுதான் குடியைவிடக் கவலை. பார்ட்டி எப்போதாவது வரும், ஷிப்ட் மாதத்துக்கு இரண்டு தரம் வரும். நிரந்தரமாக ஒரே நேரம் என்றால் உடம்பு ஓரளவு பழகும், மாறி மாறி வந்தால் பழகவே நேரம் இல்லை. இரவு வேலை கூடாது என்று டொக்டர் ஒரு கடிதம் தருவார், கேட்டால் தருவார்கள். மாற முடியாத கிழமைகளில், காலையில் வந்து படுத்தால் அலாரம் இல்லாமல், திரைச்சீலை போட்டு, போனை வெளியே வைத்துவிட்டு முழுதாக நித்திரை கொள்ள வேண்டும். குளிசை நேரம் ஷிப்ட்டோடு மாறக் கூடாது. எட்டு எட்டு என்றால் வேலை இடத்திலும் எட்டுதான்.

தர்ஷியின்_தம்பி

பையில் எப்போதும் நாலு குளிசை வைத்துக்கொள்கிறேன், போனில் எட்டு மணிக்கு அலாரமும் வைத்துவிட்டேன். இனி எந்த நாளும் விட மாட்டேன், குடிக்கும் நிறுத்தம். கடிதம் மட்டும் இப்போது கொடுக்க மாட்டேன். நான் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, இந்த நேரத்தில் வலிப்பு என்று எழுத்தில் கொடுத்தால் என்ன செய்வார்களோ தெரியாது. அக்காவுக்கும் எனக்கும் இதில்தான் சண்டை.

கொட்டாஞ்சேனை_வாசுகி

தம்பி, கடிதத்தில் நோயின் பெயர் போடாமல், மருத்துவக் காரணத்தால் இரவு வேலை தவிர்க்க வேண்டும் என்று மட்டும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அப்படித்தான் எழுதித் தந்தார்கள். ஆனால் பக்கத்துக் கதிரையில் இருக்கும் ஒருவருக்காவது உண்மையைச் சொல்லி வையுங்கள். அங்கே விழுந்தால் வாயில் கரண்டி வைக்காமல் சரித்துப் படுக்கவைக்க ஒரு ஆள் வேண்டும்.